சுற்றிவரும் சுடுநீரும் சுற்றாத கணக்கும்: கேள்வி–பதில்

எங்கள் விடுதி ராமேஸ்வரத்தில் இருக்கிறது, 32 அறைகள். கோடி அறைகளில் குழாயைத் திறந்து நான்கு நிமிடம் காத்திருந்தால்தான் சுடுநீர் வருகிறது. சுடுநீரைச் சுற்றவிடும் அரை எச்.பி. மோட்டாரை எடுத்துவிட்டு ஒரு எச்.பி. போடச் சொல்கிறார் பொருத்தியவர். வாங்கலாமா?

வாங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய வரைபடத்தின்படி கொதிகலனிலிருந்து கடைசி அறை வரை போகும் குழாய் 90 மீட்டர். பயன்படாத நீரைக் கொதிகலனுக்கே திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் குழாய் 60 மீட்டர். உள்ளே 60 டிகிரி நீரும் வெளியே 28 டிகிரி காற்றும் இருக்கும்போது, சுமார் 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள ரப்பர் உறை போட்ட ஒரு அங்குலக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 8 வாட் வெப்பத்தை இழக்கும். 90 மீட்டருக்கு 720 வாட். வழியில் 5 டிகிரி குறைந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், அந்த இழப்பை ஈடுகட்ட நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓட வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு வகுத்தல்தான்:

```
லிட்டர்/நிமிடம் = வாட் ÷ (70 × டிகிரி)
720 ÷ (70 × 5) = 2.06
```

இரண்டே லிட்டர். பாதுகாப்புக்கு இரு மடங்காக்கினாலும் ஐந்தைத் தாண்டாது. உங்களிடம் இருக்கும் அரை எச்.பி. மோட்டாரே இதைப் போலப் பல மடங்கு தள்ளக்கூடியது. ஆகவே உங்கள் குறை நீரின் அளவில் இல்லை. அது பங்கிடப்படும் முறையில்தான் இருக்கிறது.

கொதிகலனுக்கு அருகில் மாடிகளுக்கு ஏறும் நிலைக்குழாய் வழியாகத் திரும்புவது நீருக்கு எளிது என்பதால், ஓட்டத்தில் பெரும்பங்கு அதன் வழியே போய்த் திரும்பிவிடுகிறது. பெரிய மோட்டாரை வைத்தால் கூடுதலாக ஓடும் நீரிலும் பெரும்பங்கு அங்கேதான் சுற்றும். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு நிலைக்குழாயின் ரிட்டர்ன் முனையிலும் ஓட்டத்தை அளவாகக் குறைத்து வைக்கும் ஒரு பேலன்சிங் வால்வு வேண்டும். முழுதாகத் திறக்கவோ மூடவோ மட்டுமே ஏற்ற கேட் வால்வைப் பாதி மூடி வைத்து இந்த வேலையைச் செய்யக் கூடாது. நீர் உரசி அதன் தகடு சீக்கிரம் கெட்டுவிடும்.

யாரும் குளிக்காத நள்ளிரவில் எல்லா வால்வுகளையும் முழுதாகத் திறந்து, நீரை 60 டிகிரியில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ரிட்டர்ன் குழாயின் மேலும் வெப்பமானியைக் கட்டி, காற்றுப் படாதபடி உறைத் துண்டால் சுற்றி, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிளம்பர் எடுத்த அளவுகள் அருகில் 57, நடுவில் 52, கடைசியில் 38. அருகிலுள்ள வால்வைச் சிறிது சிறிதாக மூடி, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி அளந்தால், அங்கே குறையும் அளவு மற்ற இடங்களில் ஏறுவதைக் காண்பீர்கள். மூன்றும் 53-க்கும் 55-க்கும் இடையில் வந்து நின்றதும், ஒவ்வொரு வால்வும் எத்தனை சுற்றில் நிற்கிறது என்று பெயின்டால் எழுதி வையுங்கள். அடுத்த முறை வருகிற பிளம்பர் நிச்சயம் திருகிப் பார்ப்பார். பிளாஸ்டிக் குழாயானால் வெளிப்பரப்பு உள்ளிருக்கும் நீரைவிடச் சில டிகிரி குறைவாகக் காட்டும். அங்கே எண்ணைவிடக் குழாய்களுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து ரிட்டர்னை 50 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி 20 முதல் 45 டிகிரி வரையுள்ள நீரில் பெருகும். உங்கள் கடைசிக் குழாயின் 38 டிகிரி அதற்கு மிகவும் வசதியான சூடு.

சுவருக்குள் செம்புக் குழாயை உறை இல்லாமலேயே பதித்து டைல்ஸும் ஒட்டிவிட்டோம். மலிவாக ஏதாவது வழி உண்டா? (கீழக்கரை)

இல்லை.

சோலார் ஹீட்டர் வைத்திருக்கிறோம். தொட்டி 2000 லிட்டர். சுழற்சி மோட்டார் பொருத்திய நாளிலிருந்து, மாலையில் கொதிக்கும் நீர் விடியற்காலையில் வெதுவெதுப்பாகிவிடுகிறது. பொருத்திய நிறுவனம் 'மேகமூட்டம்' என்கிறது. (மண்டபம்)

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். மேகம் பகலில் தொட்டி சூடேறுவதைத் தடுக்கலாம். ஏறிய சூட்டை இரவில் எடுத்துச் செல்ல அதனால் முடியாது. நீங்கள் அனுப்பிய படத்தில் ரிட்டர்ன் குழாய் தொட்டியின் அடிப்பகுதியில், குளிர்நீர் வரும் வழியிலேயே சேர்க்கப்பட்டிருப்பது தெளிவாகத் தெரிகிறது. தொட்டியில் சுடுநீர் மேலேயும் குளிர்நீர் கீழேயும் அடுக்காக நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 50 லிட்டர் தள்ளும் மோட்டார் முக்கால் மணி நேரத்துக்குள் தொட்டி நீர் முழுவதையும் ஒரு சுற்று சுற்றிவிடும். அதன்பின் அடுக்கு ஏது?

இரண்டாவது குற்றம், குழாய்களுக்கு உறை இல்லாதது. இங்கே என் பழைய ஆதங்கத்தைக் கொட்ட அனுமதியுங்கள். சுழற்சி அமைப்புக்கான கொட்டேஷன்களில் மோட்டாரின் எச்.பி. தடித்த எழுத்தில் இருக்கும். உறையோ 'இன்சுலேஷன், தேவைக்கேற்ப' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பொருள், வளைவுகளுக்கும் வால்வுகளுக்கும் உண்டா, ரிட்டர்ன் குழாய்க்கும் உண்டா என்று எதுவுமே இருக்காது. பணத்தைத் தின்பது மோட்டார் அல்ல, வெறுங்குழாய். உறையில்லாத ஒரு அங்குலக் குழாய் மீட்டருக்குச் சுமார் 30 வாட் இழக்கும். உங்கள் குழாய்களின் மொத்த நீளமான 150 மீட்டருக்கு அது 4500 வாட். உறை இருந்தால் 1200. இரவு பத்து மணி நேரம் மோட்டார் ஓடினால், 60 டிகிரியில் இருந்த 2000 லிட்டர் வெறுங்குழாயால் மட்டும் ஏறக்குறைய 15 டிகிரி இறங்கும். உறை இருந்தால் 5 டிகிரிதான். தொட்டியின் சொந்த இழப்பும் அறைகளில் செலவாகும் நீரும் இதற்கு மேல்.

ரிட்டர்னைத் துணை ஹீட்டரின் தொட்டிக்கு மாற்றவும், இரு குழாய்களுக்கும் உறை போடவும், ரிட்டர்னில் நீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு வைக்கவும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் படங்களையும் வெப்ப அளவுகளையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதுங்கள். அதற்கு முன் பாக்கித் தொகையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

அதிகாலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்குப் போகிறவர்கள் மூன்றரை மணிக்கே குளிக்கிறார்கள். பத்து மணிக்குமேல் அறைகள் காலி. மோட்டாருக்கு டைமர் போடலாமா?

உறை இருந்தால் போடலாம். மோட்டாரை நிறுத்தியதும் உறையுள்ள குழாயில் நிற்கும் 60 டிகிரி நீர் 40-க்கு இறங்க இரண்டேகால் மணி நேரத்துக்கு மேலாகும். வெறுங்குழாயில் அரை மணி நேரம் கொஞ்சம் கூட. இரவு முழுவதும் நிறுத்தி வைத்தால், மூன்று மணிக்கே மோட்டார் ஓடத் தொடங்கி ரிட்டர்ன் 50-ஐத் தாண்டிய பிறகு முதல் ஆள் குளிக்கும்படி நேரத்தை வையுங்கள். குளிர்ந்து நின்ற குழாயில்தான் மேலே சொன்ன கிருமி வளரும் என்பதால், ஆள் இல்லாத நாட்களிலும் தினமும் ஒரு மணி நேரமாவது 60 டிகிரி நீரைச் சுற்றவிட வேண்டும்.

மொட்டை மாடியில் போட்ட கறுப்பு ரப்பர் உறை ஒரே கோடையில் பொடியாகிறது. கடைக்காரர் 'இதுதான் இருக்கிறதிலேயே நல்லது' என்றாரே?

பொருள் நல்லதுதான், அதை வெயிலில் மூடாமல் விட்டதுதான் தவறு. உங்களைத் திட்ட எனக்கு உரிமையில்லை, ஏனெனில் நானும் இதையே செய்தேன். தொண்டியில் உறவினர் நடத்தும் சிறிய தங்குமிடத்துக்கு 40 மீட்டர் உறையை நானே நின்று வாங்கிக் கொடுத்தேன். அடுத்த ஆனியில் போய்ப் பார்த்தபோது மேல்பக்கம் புளிய மரப்பட்டையைப் போல வெடித்திருந்தது. விரலால் தேய்த்தால் கருந்தூள் ஒட்டியது. இணைப்புகளில் புகுந்த மழைநீர் உள்ளே தேங்கி, அடியிலிருந்த இரும்புக் குழாயைத் துருவேற்றியிருந்தது. இப்போது வெயில்படும் இடங்களிலெல்லாம் உறைக்கு மேல் வெளிப்புறத்துக்கென்றே உள்ள கண்ணாடியிழைத் துணியைச் சுற்றி, இரண்டு பூச்சுப் பூசச் சொல்கிறேன். அலுமினியத் தகடு பார்க்க அழகாக இருந்தாலும், நம் கடற்கரையின் உப்புக்காற்றில் அதில் வெள்ளைப் பொரி பொரியாகக் குழி விழுந்துவிடுகிறது.