ஏத்தாதீங்க, முதல்ல இறக்குங்க

கேள்வி: அண்ணா, நான் கோத்தகிரி. தினமும் பஸ்ல மேட்டுப்பாளையம் போறப்போ ஆடியோபுக் கேப்பேன். புளூடூத் ஹெட்போன்ல பாட்டு அருமையா இருக்கு, பேச்சு மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. ஈக்வலைசர்ல எதை ஏத்தணும்?

பதில்: எதையும் ஏத்துறதுக்கு முன்னாடி பேஸை இறக்குங்க தம்பி. விலை கம்மியான ஹெட்போன் நிறைய, கடையில காதுல மாட்டினதும் "டம்"னு அடிச்சா ஆளு வாங்கிருவான்னே ட்யூன் பண்ணி வர்றது, பேச்சு கேக்குறவனை எவனும் நினைக்கிறதே இல்ல. அந்த டம்மு பேசுறவர் குரலோட அடிப்பகுதியை ஊதிவிட்டுருது, வார்த்தையைப் பிரிச்சுக் காட்டுற மெய்யெழுத்துச் சத்தம் அதுக்கடியில அமுங்கிப் போகுது.

ஆண்ட்ராய்டு ஈக்வலைசர் நிறைய 60, 230, 910, 3600, 14000 ஹெர்ட்ஸ்னு அஞ்சு கோடா இருக்கும், நம்பர் சின்னதா இருக்குறதுதான் பேஸ். 60ஐ மைனஸ் 6 டெசிபலுக்கு இறக்குங்க, 230ஐ மைனஸ் 3. 910ஐயும் 14000ஐயும் தொடாதீங்க. கடைசியா 3600ஐ மட்டும் பிளஸ் 3, அதுக்கு மேல வேணாம். சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்னா, "பத்து", "பட்டு" ரெண்டும் கதையோட்டத்தை வச்சு யூகிக்காமயே தனித்தனியா காதுல விழணும். "ச" வர்ற இடமெல்லாம் குக்கர் விசில் மாதிரி சீறுனா 3600ஐ ஒண்ணு ஒண்ணா குறைச்சுட்டே வாங்க. இதைத் தனி பிரீசெட்டா சேவ் பண்ணிக்கோங்க, பாட்டுக்கு இது சப்புன்னு இருக்கும்.

அப்புறம் செல்போன் கடையில "சவுண்ட் ட்யூனிங்"னு சொல்லி ஒரு வால்யூம் பூஸ்டர் ஆப்பை ஏத்திவிட்டு காசு கேப்பாங்க. எங்கிட்டயே ஒருத்தர் முந்நூறு ரூபா வாங்கிட்டாரு, வீட்டுக்கு வந்து பாத்தா விளம்பரம் கொட்டுது, குரல் கரகரங்குது. அது எல்லாத்தையும் ஒரேயடியா தூக்குது, தாங்குற அளவைத் தாண்டினதும் சத்தம் மொட்டையா வெட்டுப்பட்டு அப்படித்தான் கரகரக்கும். போன்ல இலவசமா இருக்குற ஈக்வலைசரே போதும், ஆனா அதை எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு தேடுறதுக்குள்ள பஸ்ஸே வந்துரும், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இடத்தை வேற மாத்துறானுங்க!

நீங்க மலைக்காரர்ங்கிறதால ஒண்ணு நீட்டியே சொல்லிடறேன். கோத்தகிரி சுமாரா 1,800 மீட்டர், மேட்டுப்பாளையம் முந்நூறு சொச்சம். இறங்க இறங்க வெளிக்காத்தோட அழுத்தம் கூடி செவிப்பறையை உள்ளே தள்ளும், குஞ்சப்பனை வர்றதுக்குள்ள காது கம்முனு அடைச்சுக்கும். அந்த நேரத்துல எல்லாக் குரலும் மங்கலாத்தான் கேக்கும், அது ஹெட்போன் கோளாறே இல்ல. நிறைய பேர் அங்கதான் 3600ஐ மேல தள்ளுவாங்க, கீழ போய் காது திறந்ததும் ஊசி குத்துற மாதிரி இருக்கும், உடனே ஹெட்போன் போச்சுன்னு புதுசு வாங்கப் போயிருவாங்க. அப்படி அடைச்சா எச்சில் முழுங்குங்க, இல்ல கொட்டாவி விடுங்க, ஒரு மிட்டாய் சப்பினாலும் சரி. ஈக்வலைசர் கோடுகளை நகர்த்துற வேலையெல்லாம் ராத்திரி வீட்ல உக்காந்து, நீங்க வழக்கமா கேக்குற அதே புத்தகத்தைப் போட்டு முடிச்சிருங்க, பஸ்ல கையே வைக்காதீங்க.