ஒற்றை எழுத்துக் குறுக்குவிசையை ஏன் அணைக்க வழி வேண்டும்?

"என் மின்னஞ்சல் செயலியில் `e` அழுத்தினால் அஞ்சல் காப்பகத்துக்குப் போகும். இதை அணைக்கும் வசதி கட்டாயமா?"

ஆமாம், அது அல்லது அதற்கு ஈடான ஒரு வழி கட்டாயம். இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான WCAG 2.1-இன் 2.1.4 விதிப்படி, அதுவும் அடிப்படை நிலையான A-யிலேயே. குரலால் தட்டச்சு செய்பவரை நினைத்துப் பாருங்கள். கர்சர் பெட்டிக்குள் இல்லாதபோது அவர் "note" என்று சொன்னால், `n`, `o`, `t`, `e` நான்கும் தனித்தனி விசைகளாகப் பாயும். கடைசி எழுத்தில் அஞ்சல் காணாமல் போகும். எது நடந்தது என்றே அவருக்குப் புரியாது.

அமைப்புகளில் அணைக்கும் பொத்தான் வைத்தால் போதும். இல்லையென்றால் `Ctrl`, `Alt` சேர்த்து மாற்றிக்கொள்ள விடுங்கள். `Shift` மட்டும் சேர்ப்பது உதவாது, `E`-யும் எழுத்துதானே! அப்புறம், அஞ்சல் பட்டியலில் ஃபோகஸ் இருக்கும்போது மட்டுமே `e` வேலை செய்தால், அதுவும் விதியை நிறைவு செய்யும்.