மைனஸ் 95 எப்படி வருகிறது, செல் ஏன் அங்கே நிற்பதில்லை

வணக்கம் சார். கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்தேன். இப்போது பாலக்காட்டில் நர்சிங் முதல் வருடம். வகுப்பு மலையாளமும் இங்கிலீஷுமாக ஓடுகிறது. நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் பொட்டாசியம் வெளியே 4, உள்ளே 140 என்று போட்டால் விடை −95 என்று நோட்டில் இருக்கிறது. எனக்கு எத்தனை தடவை போட்டாலும் −41 தான். இன்னொன்று, பொட்டாசியம் வெளியே போய்த்தான் இந்த மின்னழுத்தம் வருகிறது என்றால் உள்ளே இருக்கும் 140 குறைந்துவிடாதா? நரம்பு செல்லுக்கு −95 என்று சொல்லாமல் −70 என்று ஏன் சொல்கிறார்கள்? விளக்கினால் எங்கள் வகுப்பில் தமிழ் மீடியத்திலிருந்து வந்த எல்லோருக்கும் உதவும்.
— ஒரு மாணவி, கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் எண்களைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். கால்குலேட்டரில் அழுத்திய பொத்தான்தான் மாறிவிட்டது. அது எந்த இடத்தில் மாறியது என்று தெரிய, முழுக் கணக்கையும் ஒரு முறை போட்டுவிடலாம்.

```
E = (RT / zF) × ln( [K]வெளியே / [K]உள்ளே )
```

R என்பது 8.314. F என்பது 96,485, அதாவது ஒரு மோல் அயனி சுமக்கும் மின்னூட்டம், கூலும் கணக்கில். z என்பது அயனியின் மின்னூட்டம், பொட்டாசியத்துக்கு +1. T என்பது கெல்வினில் சொன்ன வெப்பநிலை. உடம்பின் 37 டிகிரி செல்சியஸ் கெல்வினில் 310. இந்த 310க்குப் பதிலாக 37ஐயே போட்டுவிடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு −11 வரும்.

```
RT/F = 8.314 × 310 / 96485 = 0.0267 V = 26.7 mV
4 / 140 = 0.0286
ln(0.0286) = −3.555
E = 26.7 × (−3.555) = −95 mV
```

இங்கே ln என்பது இயல் மடக்கை, e அடிமானமாகக் கொண்டது. கால்குலேட்டரில் log என்று எழுதியிருக்கும் பொத்தான் பத்தை அடிமானமாகக் கொண்டது. 0.0286க்கு அது −1.544 என்று காட்டும். அதை 26.7ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் −41 வந்துவிடும். log பொத்தானையே பயன்படுத்த விரும்பினால் முன்னால் இருக்கும் எண்ணை 2.303ஆல் பெருக்கி 61.5 என்று வைத்துக்கொள்ள வேண்டும். 61.5ஐ −1.544ஆல் பெருக்கினாலும் அதே −95 தான். ஆக, 26.7 என்றால் ln, 61.5 என்றால் log. இந்த ஜோடி மாறக்கூடாது. சில புத்தகங்களில் 61.5 இருக்கும் இடத்தில் 58 என்று பார்ப்பீர்கள். அதுவும் சரிதான், அது 20 டிகிரி வெப்பநிலைக்கான எண். கணவாய் மீனின் பெரிய நரம்பிழையில் நடந்த பழைய சோதனைகள் உடல் சூட்டில் நடந்தவை அல்ல, அங்கிருந்து வந்த பழக்கம் அது.

விகிதத்தைத் தலைகீழாக, 140/4 என்று போட்டால் +95 வரும். எண் சரியாக இருப்பதால் இந்தப் பிழை கண்ணில் படாது. எனவே விடை வந்ததும் குறி பொருந்துகிறதா என்று யோசித்துப் பாருங்கள். பொட்டாசியம் உள்ளே அதிகம், வெளியே குறைவு. எனவே செறிவு அதை வெளியே தள்ளும். போகிறது நேர்மின் அயனி. அது போன பிறகு உள்ளே எதிர்மின் மிச்சப்படும். உள்பக்கம் மைனஸ் ஆகத்தான் வேண்டும். எப்போதும் வெளிப்பக்கத்தைச் சுழி என்று வைத்து உள்பக்கத்தின் மதிப்பைச் சொல்வதுதான் மரபு.

இப்போது அந்த −95 எதைச் சொல்கிறது என்று பார்ப்போம், உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. பொட்டாசியம் மட்டும் கடக்கக்கூடிய ஒரு சவ்வை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் செறிவு வேறுபாட்டால் அயனிகள் வெளியேறும். ஒவ்வொன்று வெளியேறும்போதும் உள்பக்கம் இன்னும் கொஞ்சம் எதிர்மின் ஆகும். அந்த எதிர்மின் அடுத்த பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். செறிவு தள்ளும் தள்ளலும் மின்புலம் இழுக்கும் இழுப்பும் சமமாகும் புள்ளி −95 மில்லிவோல்ட். அங்கே அயனிகள் அசையாமல் நின்றுவிடுவதில்லை. வெளியே போவதும் உள்ளே வருவதும் ஒரே அளவாகிவிடுகின்றன. செறிவு சமமாகிவிட்டது என்றும் இதற்குப் பொருள் இல்லை. 4ம் 140ம் அப்படியே இருக்கும்போதே சமநிலை வந்துவிடுகிறது.

அதெப்படி அப்படியே இருக்கும் என்றுதானே கேட்கிறீர்கள்? எத்தனை அயனிகள் வெளியே போக வேண்டும் என்று எண்ணிப் பார்த்துவிடலாம். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைத் தாண்டிப் போய்விடுகின்றன, ஆனால் ஓய்வு மின்னழுத்தம் மனதில் உட்காருவது இதைப் போட்ட பிறகுதான்.

20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டையான செல் ஒன்றை வைத்துக்கொள்வோம். செல் சவ்வு ஒரு மின்தேக்கி போல மின்னூட்டத்தை இரு பக்கமும் பிரித்து வைக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஃபாரட் என்பது அதன் மின்தேக்குத்திறன்.

```
பரப்பு = 4πr² = 1.26 × 10⁻⁵ cm²
C = 1.26 × 10⁻¹¹ F
Q = C × V = 1.26 × 10⁻¹¹ × 0.095 = 1.2 × 10⁻¹² C
அயனிகள் = 1.2 × 10⁻¹² / 1.6 × 10⁻¹⁹ ≈ 75 லட்சம்
```

75 லட்சம் என்பது பெரிய எண்ணாகத் தெரியும். அந்தச் செல்லுக்குள் மொத்தம் எவ்வளவு பொட்டாசியம் இருக்கிறது? அதன் கன அளவு 4.2 × 10⁻¹² லிட்டர். லிட்டருக்கு 140 மில்லிமோல் என்றால் ஏறத்தாழ 3.5 × 10¹¹ அயனிகள், அதாவது 35 ஆயிரம் கோடி. அதில் 75 லட்சம் போனால் 47 ஆயிரத்தில் ஒன்று. உள்ளே 140 என்பது 139.997 ஆகிறது. எந்த ஆய்வகக் கருவியிலும் இந்த மாற்றம் தெரியாது. முழு 95 மில்லிவோல்ட்டும் இவ்வளவு சொற்ப அயனிகள் இடம் மாறியதால் வந்தது. அந்தச் சொற்பமும் கரைசல் முழுவதும் பரவி நிற்பதில்லை. சவ்வை ஒட்டிய மெல்லிய படலத்தில்தான் நிற்கிறது.

இனி −70. மேலே நாம் வைத்துக்கொண்ட சவ்வு பொட்டாசியத்தை மட்டும் விடுகிறது. உண்மையான நரம்பு செல்லின் சவ்வு அப்படியில்லை, ஓய்விலும் சோடியம் கொஞ்சம் உள்ளே கசிகிறது. சோடியம் வெளியே 145, உள்ளே 12. இதற்கும் அதே சமன்பாட்டைப் போட்டால் +67 வரும். செல் −70இல் இருக்கும்போது பொட்டாசியம் தன் சமநிலையிலிருந்து 25 மில்லிவோல்ட்தான் தள்ளி இருக்கிறது. சோடியமோ 137 தள்ளி இருக்கிறது. அதனால் சோடியத்துக்கான வழி சிறிதாக இருந்தாலும் உள்ளே வரும் வேகத்துக்குக் குறைவில்லை. இரண்டையும் சேர்த்துப் போடக் கோல்ட்மேன் சமன்பாடு இருக்கிறது. சோடியத்தின் ஊடுருவுதிறன் பொட்டாசியத்தில் 0.04 பங்கு என்று வைத்து, குளோரைடை விட்டுவிட்டு எழுதினால்:

```
E = 26.7 × ln( (4 + 0.04×145) / (140 + 0.04×12) )
  = 26.7 × ln( 9.8 / 140.5 )
  = 26.7 × (−2.66) = −71 mV
```

மேலே 4உடன் சேரும் 5.8தான் −95ஐ −71க்கு இழுத்து வருகிறது. ஊடுருவுதிறன் 0.04 அளவே என்றாலும் வெளியே 145 இருப்பதால் அது 4ஐவிடப் பெரிதாகிவிடுகிறது. எலும்புத்தசை, இதயக் கீழறைத் தசை இரண்டிலும் ஓய்வில் சோடியக் கசிவு இதைவிடக் குறைவு, எனவே அவை −90ஐ ஒட்டி நிற்கின்றன.

கசிவு இருப்பதால் −71 என்பது நெர்ன்ஸ்ட் சொல்லும் பொருளில் சமநிலை அல்ல. சோடியம் ஓயாமல் உள்ளே வருகிறது, பொட்டாசியம் ஓயாமல் வெளியே போகிறது. நீங்கள் பயந்தபடி 140 குறைவது இந்தக் கசிவு நீண்ட நேரம் தொடர்ந்தால்தான். அதைச் சரிக்கட்டுவது சோடியம்-பொட்டாசியம் பம்ப்: ஒவ்வொரு ஏடிபிக்கும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. மூன்றுக்கு இரண்டு என்பதால் பம்பே நேரடியாகச் சில மில்லிவோல்ட் எதிர்மின் சேர்க்கும். ஆனால் −70ஐ உண்டாக்குவது பம்ப் என்று தேர்வில் எழுதாதீர்கள். பம்பை நிறுத்தினால் மின்னழுத்தம் உடனே சுழிக்குப் போகாது. முதலில் சில மில்லிவோல்ட் குறையும், பிறகு செறிவு வேறுபாடு கரையக் கரைய மெல்ல மெல்லச் சரியும்.

வார்டில் இதெல்லாம் எங்கே வரும்? சிறுநீரகம் செயலிழந்த ஒருவரின் இரத்தத்தில் பொட்டாசியம் 4இலிருந்து 7க்கு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7/140 என்று போட்டால் சமநிலை −95இலிருந்து −80க்கு வந்துவிடும். வெளியே கூடியது 3 மில்லிமோல், நகர்ந்தது 15 மில்லிவோல்ட். விகிதத்தில் வெளியே உள்ள எண் சிறியது என்பதால்தான் இவ்வளவு நகர்வு. இதயத் தசை பொட்டாசியத்தின் சமநிலையை ஒட்டியே ஓய்வெடுப்பதால் அதன் ஓய்வு மின்னழுத்தமும் கூடவே மேலேறுகிறது. அப்படி மேலேறிய நிலையிலேயே இருந்தால் சோடியம் சேனல்களில் ஒரு பகுதி செயலற்றுப் போகும், மின்னலை பரவுவது மந்தமாகும். ஈசிஜியில் டி அலை கூராக உயர்வதும், அளவு இன்னும் ஏறும்போது கியூஆர்எஸ் அகலமாவதும் அந்த நிலையில் பார்ப்பவை. இதே ஆளுக்குச் சோடியம் 145இலிருந்து 130க்கு இறங்கினால்? கோல்ட்மேனில் போட்டுப் பாருங்கள், நரம்பு செல்லின் ஓய்வு மின்னழுத்தம் 2 மில்லிவோல்ட்கூட மாறாது. சோடியம் குறைந்தால் வரும் ஆபத்து வேறு வழியில், மூளைச் செல்களுக்குள் தண்ணீர் புகுவதால் வருகிறது.

உங்கள் பகுதிக்கு வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. ஊரில் எடுத்த இரத்தம் பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ ஐஸ் பெட்டியில் போகும்போது, சீரத்தைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பினால், குளிரில் சிவப்பணுக்களின் பம்ப் ஏறக்குறைய நின்றுவிடும். கசிவு நிற்காது. சில மணி நேரத்தில் அணுக்களுக்குள் இருந்த பொட்டாசியம் சீரத்துக்கு வந்து, நோயாளி உடம்பில் இல்லாத உயர்வை ரிப்போர்ட்டில் காட்டும். கையைக் கட்டி வைத்து வெகுநேரம் முஷ்டியை மடக்கி விரிக்கச் சொன்னாலும், மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்து அணுக்கள் உடைந்தாலும் எண் ஏறும். அணுக்கள் உடைந்திருந்தால் சீரம் செந்நிறமாக இருக்கும். குளிரால் கசிந்திருந்தால் சீரம் தெளிவாகவே இருக்கும், எனவே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரிப்போர்ட்டில் 6.8 என்று இருந்தால் அதை உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், ஈசிஜி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள், கூடவே இரத்தம் எடுத்த நேரத்தையும் சீரம் பிரித்த நேரத்தையும் கேட்டுச் சொல்லுங்கள். ஈசிஜி சாதாரணமாக இருப்பதை மட்டும் வைத்து எண் பொய் என்று முடிவு கட்டக்கூடாது, உண்மையான உயர்விலும் ஈசிஜி சில நேரம் மாறாமல் இருக்கும். புதிதாக எடுத்து, சீக்கிரம் பிரித்த இன்னொரு சாம்பிள்தான் அதைத் தீர்க்கும்.