நகைக்கடைக்குப் புதுப் பெயர் வைக்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் தாத்தா காலத்திலிருந்து சிறிய நகைக்கடை நடத்துகிறோம். அம்மாக்களும் பாட்டிகளும் வருகிறார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் பெரிய கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். பெயரையும் கடையின் தோற்றத்தையும் மாற்றி, 18 காரட்டில் எடை குறைந்த நகைகள் வைக்கலாம் என்கிறேன். அப்பா, பழைய வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்று பயப்படுகிறார். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி

பதில்: அப்பாவின் பயம் நியாயமானது. ஆனால் கண்ணாடிக் கதவும் புது விளக்கும் வந்தால் யாரும் கடையை விட்டுப் போக மாட்டார்கள். உங்கள் கடை முத்திரை குத்திய நகை அந்தப் பாட்டிகளின் பீரோவில் இருக்கிறது. பேத்தி கல்யாணத்துக்கு அதைக் கொண்டுவந்தால் பேச்சில்லாமல் மாற்றிக்கொடுப்பீர்கள் என்பதுதான் அவர்களுக்கு உங்கள் கடை. பெயர் மாறினால் அந்த வாக்கும் மாறிவிடுமோ என்பதே அவர்கள் கவலை.

இதை என் அம்மாவிடம் நேரில் பார்த்தேன். அவர் பல வருடம் வாங்கிய ஒரு கடை புதுப் பெயருக்கு மாறியது. பழைய ரசீதோடு இரட்டை வடச் சங்கிலியைக் கொண்டுபோனார். கவுன்டரில் இருந்த பையன், "அது பழைய பேர்ல வாங்கினதும்மா, வெளி நகைக் கணக்குலதான் எடுப்போம்" என்று சொல்லிவிட்டான். முதலாளி வந்து சமாதானம் செய்தார். ஆனாலும் அம்மா அதற்குப் பிறகு அங்கே போகவில்லை.

அதனால் பெயர்ப்பலகைக்கு முன்னால் இந்த வாக்கை எழுத்தில் வையுங்கள். பழைய முத்திரையின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, பில் போடும் இடத்தில் மாட்டுங்கள். இந்த முத்திரை உள்ள நகைக்கு அன்றைய விலையில் எப்படி மாற்றித் தருவீர்கள், கல்லுக்கும் அரக்குக்கும் எடை எப்படிக் கழிப்பீர்கள் என்று கீழே தமிழில் எழுதுங்கள்.

இதில் அப்பாவோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் பற்றவைப்புப் பொடியில் தங்கம் குறைவு. இணைப்புகள் அதிகமுள்ள பழைய நகையை உருக்கினால் 916 வராமல் குறையலாம். அந்தக் குறையைக் கடை ஏற்குமா, வாடிக்கையாளரிடம் கழிப்பீர்களா? இதுவரை அப்பா ஆளைப் பார்த்து முடிவு செய்திருப்பார். இனி கவுன்டரில் அவர் இல்லாத நேரத்திலும் அதே பதில் வர வேண்டும். ஏற்பதாக இருந்தால், எவ்வளவு குறைவு வரை என்றும் எழுதிவிடுங்கள். காரட் மீட்டர் மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். அதனால் சந்தேகம் வந்தால், அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் கண் முன்னால் உருக்கிப் பாருங்கள்.

சேமிப்புத் திட்ட அட்டைகளும் இதே கதைதான். 11 மாதச் சீட்டில் பாதி கட்டியவர்களுக்குப் புதுப் பெயரில் அட்டை கொடுங்கள். கட்டிய தொகையையும் முதிர்வுத் தேதியையும் அதில் எழுதி, கையெழுத்துப் போட்டு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

சரி, இளைஞர்கள் பக்கம் வருவோம். அவர்களுக்குச் சேதாரம் என்ற சொல்லே குழப்பம். அம்மாக்கள் பேரம் பேசிக் குறைப்பார்கள், இவர்கள் கேட்கத் தயங்கி வெளியே போய்விடுவார்கள். அதனால் ஒவ்வொரு நகையின் சீட்டிலும் கணக்கைப் பிரித்துப் போடுங்கள். கணக்கு எளிதாக இருக்க, 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3 கிராம் மோதிரம் 30,000. சேதாரம் 15 சதவீதம் என்றால் 4,500. இரண்டும் சேர்ந்து 34,500. அதற்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 1,035. ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாயும் அதற்கான வரியும் சேர்த்தால் சுமார் 35,590 ரூபாய். விலை தினம் மாறும் என்பதால் சீட்டில் எடையும் சேதார சதவீதமும் இருந்தால் போதும். ரூபாய்க் கணக்கை அன்றைய விலையில் திரையில் காட்டலாம்.

எடை குறைந்த நகைக்குச் சேதார சதவீதம் ஏன் கூடுதல் என்று நிச்சயம் கேட்பார்கள். எடை பாதியானாலும் ஆசாரியின் வேலை பாதியாவதில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். இன்னும் நல்ல வழி, சின்ன உருப்படிகளுக்குச் சதவீதத்தை விட்டுவிட்டு, உருப்படிக்கு இவ்வளவு கூலி என்று ஒரே தொகையாகப் போடுவது. இளம் வாடிக்கையாளருக்கு அது உடனே புரியும்.

அடுத்தது 18 காரட். இதில்தான் எனக்கு உங்களைப் பற்றிக் கவலை. தட்டில் இரண்டும் கலந்து இருந்தால் ஒருநாள் ஒரு பாட்டி 18 காரட் மோதிரத்தை 22 என்று நினைத்து வாங்கிப் போவார். அதே கணக்கில் 18 காரட் கிராம் சுமார் 8,188 ரூபாய். இரண்டரை கிராம் மோதிரத்தை மாற்ற வரும்போது அவர் எதிர்பார்ப்பது 25,000, தங்க மதிப்பாகக் கிடைப்பது 20,470. 4,530 ரூபாய் கையை விட்டுப் போனதாக அவர் தெருவெல்லாம் சொல்வார், அவர் சொல்வதில் தப்பும் இல்லை. அதனால் 18 காரட்டுக்குத் தனி கவுன்டர், வேறு நிறச் சீட்டு, பில்லில் பெரிய எழுத்தில் "18 காரட் (750)", மாற்றும்போது எந்த விலை என்று ஒரு வரி. இவை நான்கும் இல்லாமல் 18 காரட்டைக் கடைக்குள் கொண்டுவராதீர்கள்.

இளைஞர்கள் நகையைக் கையில் வைத்துக்கொண்டே BIS Care செயலியில் Verify HUID பகுதிக்குப் போய் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீட்டைப் போட்டுப் பார்ப்பார்கள். அதில் ஹால்மார்க் செய்த கடையின் விவரமும் வரும். பலகையில் ஒரு பெயர், செயலியில் வேறு பெயர் என்றால் சந்தேகம் வரும். ஆகவே பி.ஐ.எஸ். பதிவில் பெயரைத் திருத்திவிட்டுப் பலகையை மாட்டுங்கள். ஜி.எஸ்.டி. பதிவில் பெயர் மாற்றத்துக்கு 15 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம், 2 கிராமுக்குக் குறைந்த உருப்படிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. சின்ன மூக்குத்தியில் அந்தக் குறியீடு இல்லையே என்று கேட்டால் பதில் சொல்ல எல்லா ஊழியருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பெயரை முழுவதுமாக மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. தாத்தா பெயரின் சுருக்கத்தை வைத்துக்கொண்டு எழுத்து வடிவத்தை மட்டும் புதிதாக்குங்கள். பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்கட்டும், இங்கே அது விதியும்கூட. அப்பா உட்காரும் இடத்தை மட்டும் மாற்றாதீர்கள். உள்ளே வருபவர் முதலில் தேடுவது அந்த முகத்தைத்தான்.

மாற்றம் சரியாகப் போகிறதா என்பதை மொத்த விற்பனையில் தேடாதீர்கள். தங்க விலை ஏறினாலே அந்தத் தொகை ஏறிவிடும். 11 மாதம் முடித்து நகை எடுத்தவர்களில் எத்தனை பேர் அடுத்த அட்டை போட்டார்கள், உங்கள் முத்திரை நகையோடு மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நகையை எடுத்துக்கொண்டு அடுத்த அட்டை போடாமல் போகிறவர்கள் கூடினால், பழையவர்கள் சத்தமில்லாமல் விலகுகிறார்கள். உடனே அப்பாவை விட்டு அவர்களிடம் பேசச் சொல்லுங்கள்.

கடை வேலையை ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண நகைக் கூட்டம் இருக்காது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்பே திறந்துவிட்டால், திட்ட அட்டை வைத்திருக்கும் பெரியவர்களை வீட்டுப் பெண்களோடு ஒரு நாள் முன்னதாகவே அழைத்துக் கடையைக் காட்டலாம்.