ரொமேனியன் டெட்லிஃப்டா, தரையிலிருந்து தூக்குவதா?

டாக்டர், எனக்கு வயது 36, எடை 62 கிலோ. ஆடிட்டர் அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. ஜிம்மில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு ட்ரெயினர் தரையிலிருந்து தூக்கும் சாதாரண டெட்லிஃப்ட்தான் அடிப்படை என்கிறார். இன்னொருவர் ரொமேனியன் டெட்லிஃப்டில் ஆரம்பிக்கச் சொல்கிறார். போன வாரம் 40 கிலோவில் ரொமேனியன் செய்தேன். அடுத்த இரண்டு நாள் தொடையின் பின்பக்கம் வலித்து உட்காரவே முடியவில்லை, கீழ்முதுகும் இறுகிப்போனது. இரண்டு பயிற்சியும் எந்தெந்தத் தசைக்கு வேலை கொடுக்கின்றன? நான் எதை முதலில் செய்வது? - ஒரு வாசகி, ஈரோடு

ரொமேனியனை முதலில் செய்யுங்கள், ஆனால் 40 கிலோவில் வேண்டாம். உங்கள் இரண்டாவது ட்ரெயினர் பயிற்சியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார், எடையைத்தான் அதிகமாக வைத்துவிட்டார்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழங்காலில் இருக்கிறது. சாதாரண டெட்லிஃப்டில் பார் தரையில் கிடக்கும். முழங்காலை நன்றாக மடக்கி, குனிந்து அதைப் பிடிக்கிறீர்கள். எழும்போது முழங்காலும் இடுப்பு மூட்டும் சேர்ந்தே நிமிர்கின்றன. பாரைத் தரையிலிருந்து கிளப்பும் அந்த முதல் சில அங்குலத்தில் பெரிய பங்கு தொடையின் முன்தசைக்கு, அதாவது குவாட்ரிசெப்ஸுக்கு. பார் முழங்காலைத் தாண்டியதும் வேலை பிட்டத் தசைக்குக் கைமாறுகிறது. உள்தொடையின் பெரிய தசையும் இடுப்பு மூட்டை நிமிர்த்த உதவுகிறது. முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் எரெக்டர் தசைகள் முதுகு வளையாமல் பிடித்து நிற்கின்றன. அக்குளிலிருந்து கீழே விரியும் முதுகுத் தசை பாரை உடம்போடு ஒட்டி வைக்கிறது. முன்கையின் பிடி தனி.

இதில் ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடையின் பின்தசை, எங்கே போனது என்று கேட்பீர்கள். அதுவும் வேலை செய்கிறது, ஆனால் நீளம் பெரிதாக மாறாமல். ஹாம்ஸ்ட்ரிங்கின் பெரும்பகுதி பிட்டத்தின் அடியில் உள்ள எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே போய் முடிகிறது. இரண்டு மூட்டுகளைத் தாண்டும் தசை அது. இடுப்பு மூட்டு நிமிரும்போது மேல்முனை தளர்கிறது, முழங்கால் நிமிரும்போது கீழ்முனை இழுபடுகிறது. சாதாரண டெட்லிஃப்டில் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது.

ரொமேனியனில் அந்த ஈடுகட்டல் இல்லை. பாரை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, நின்ற நிலையில் தொடங்குகிறீர்கள். முழங்காலை லேசாக மடக்கி அப்படியே நிறுத்திவிட்டு, இடுப்பை மட்டும் பின்னுக்குத் தள்ளுகிறீர்கள். முழங்கால் அசையாததால், குனியக் குனிய ஹாம்ஸ்ட்ரிங் நீண்டுகொண்டே போகிறது, எடையையும் தாங்குகிறது. பிட்டத் தசைக்கும் நல்ல வேலைதான். முன்தொடைக்கு மிகக் குறைவு. நீளும்போதே எடையைத் தாங்கும் வேலை பழக்கமில்லாத தசைக்குக் கடினம். ஒன்று முதல் மூன்று நாள் வரை வலி நீடிப்பதற்கு அதுதான் காரணம், உங்களுக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

கீழ்முதுகு இறுகியதற்குக் காரணம் வேறு. தரையிலிருந்து தூக்கும்போது ஒவ்வொரு முறையும் பார் தரையைத் தொடுகிறது. முதுகுக்கு ஒரு நொடி ஓய்வு கிடைக்கும், மூச்சை இழுத்து நிலையைச் சரிசெய்துகொள்ளலாம். ரொமேனியனில் செட் முடியும்வரை பார் கையில்தான் தொங்கும், எரெக்டர்கள் விடாமல் பிடித்திருக்க வேண்டும். 40 கிலோ உங்கள் உடல் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. ஐந்தாவது ஆறாவது முறைக்கு மேல் முதுகு மெல்ல வளையத் தொடங்கியிருக்கும், உங்களுக்கே தெரிந்திருக்காது. "ரொமேனியன் முதுகுக்குப் பாதுகாப்பானது" என்று ஜிம்களில் பொதுவாகச் சொல்கிறார்கள். ஒரே எடையில் ஒப்பிட்டால் நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். குறைந்த எடையில் செய்வதால்தான் அது பாதுகாப்பாக இருக்கிறது.

பின்னே ஏன் அதை முதலில் செய்யச் சொல்கிறேன்? உட்கார்ந்தே வேலை செய்பவர்களைக் குனியச் சொன்னால் பெரும்பாலும் முதுகை வளைத்துத்தான் குனிகிறார்கள். முதுகை நேராக வைத்து இடுப்பு மூட்டில் மட்டும் மடங்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. இரண்டு டெட்லிஃப்டுக்கும் அடித்தளம் அதுதான். ரொமேனியனில் கற்க வேண்டியது அந்த ஒரே அசைவு, அதுவும் நிமிர்ந்து நின்ற, எளிதான நிலையிலிருந்து. எவ்வளவு கீழே போவது என்பதும் உங்கள் கையில் இருக்கிறது. தரையிலிருந்து தூக்குவதில் முழங்கால், இடுப்பு மூட்டு, மூச்சு, பாரின் பாதை என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும், அதுவும் ஆகக் கடினமான கீழ்நிலையிலிருந்து. உடம்பு அதற்கு மடங்குகிறதோ இல்லையோ, பாரின் உயரம் மாறாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. போட்டிகளில் பயன்படுத்தும் 20 கிலோ பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதை மாட்டினால் பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். நீங்கள் 20 கிலோ பாரில் பக்கத்துக்கு ஒரு 10 கிலோ இரும்பு பிளேட் மாட்டுவீர்கள். அந்தப் பிளேட் பெரும்பாலும் சிறியது. பார் இன்னும் கீழே போய்விடும். ஆக, புதிதாக வருபவர் பழகியவரைவிட அதிகம் குனிய வேண்டியிருக்கிறது. இதைக் கவனிக்காமல் "குனியும்போது முதுகை வளைக்காதே" என்று சத்தம் போடும் ட்ரெயினர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

சரி, நீங்கள் எப்படித் தொடங்குவது? வலி முழுதும் அடங்கட்டும். முதலில் எடையில்லாமல், சுவருக்கு முதுகைக் காட்டி ஓர் அடி தள்ளி நில்லுங்கள். இரண்டு கையிலும் பை இருக்கும்போது கதவைப் பின்பக்கத்தால் தள்ளி மூடுவோமே, அதே மாதிரி பிட்டம் சுவரைத் தொடும்வரை பின்னுக்குத் தள்ளுங்கள். முழங்கால் முன்னே போகக் கூடாது. அது சுலபமானதும் இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

அப்புறம் கைக்கு ஒரு 6 கிலோ டம்பெல். வாரம் இரண்டு நாள், எட்டு முறை வீதம் மூன்று செட். இறங்க மூன்று நொடி எடுத்துக்கொள்ளுங்கள். டம்பெல் தொடையை உரசியபடியே இறங்க வேண்டும். ஒரு சாண் முன்னே விலகினாலும் கீழ்முதுகின் சுமை கூடிவிடும். எங்கே நிறுத்துவது என்று தரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இடுப்பு பின்னே போவது நின்றுவிட்டால் உங்கள் எல்லை அதுதான். பெரும்பாலானவர்களுக்கு அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும். அதற்கு மேல் இறங்கும் தூரமெல்லாம் முதுகு வளைவதால் கிடைப்பது.

பக்கவாட்டில் யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கீழே இருக்கும் நிலையில் முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்பு ஏறக்குறைய செங்குத்தாக நிற்க வேண்டும். அது முன்னே சாய்ந்திருந்தால் நீங்கள் ஸ்குவாட் செய்கிறீர்கள். ஹாம்ஸ்ட்ரிங் இழுபடாமல் கீழ்முதுகு மட்டும் உழைப்பதாகத் தோன்றினால் எடையைக் குறையுங்கள்.

மூன்று செட்டும் சுத்தமாக வந்த பிறகு 8 கிலோ டம்பெல், பிறகு 10. அதன்பின் வெறும் பார், 20 கிலோ. அங்கிருந்து ஒவ்வொரு முறையும் இரண்டரை கிலோ. 30 கிலோவில் எட்டு முறையும் முதுகு மாறாமல் செய்ய முடிந்தால் சாதாரண டெட்லிஃப்டுக்குத் தயார். இதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம், அவசரமில்லை. இடுப்பு பெல்ட் இந்தக் கட்டத்தில் தேவையே இல்லை.

வலியைப் பற்றி ஒரு விஷயம். தொடையின் நடுப்பகுதி வலித்து, மூன்று நான்கு நாளில் குறைந்தால் அது தசை வலி. பிட்டத்தின் அடியில், நாற்காலியில் அழுந்தும் எலும்பில் ஒரே புள்ளியில் வலித்து, உட்காரும்போது கூடி, வாரக்கணக்கில் நீடித்தால் அது தசைநார் பிரச்சினையாக இருக்கலாம். அப்போது ஆழமாகக் குனியும் பயிற்சியையும் ஹாம்ஸ்ட்ரிங்கை இழுத்து நீட்டுவதையும் நிறுத்திவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். நீட்டினால் சரியாகும் என்று எல்லோரும் சொல்வார்கள், இந்த வலி நீட்டினால் பெரும்பாலும் மோசமாகும். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, இருமினால் கூடினாலோ, பாதத்தில் மரத்துப்போனாலோ நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். சிறுநீர் போக முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, காலில் வலு குறைவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் மூச்சை அடக்கித் தூக்கும் கனமான டெட்லிஃப்டைத் தள்ளிப்போட வேண்டும், மூச்சடக்கும்போது அழுத்தம் வெகுவாக ஏறும்.

தரையிலிருந்து தூக்கும் கட்டத்துக்கு வரும்போது, தரையிலேயே தொடங்காதீர்கள். இரண்டு பக்கப் பிளேட்டுகளுக்கு அடியிலும் பலகையோ ரப்பர் மேட்டோ ஒரே உயரத்துக்கு அடுக்கி, பார் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வையுங்கள். பார் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்கட்டும். இழுப்பதற்கு முன் கை இறுகி, பார் லேசாக விறைக்கும்வரை பிடித்து, பிறகு காலால் தரையைத் தள்ளுங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாக எழ வேண்டும். இடுப்பு மட்டும் முதலில் மேலே போனால் முன்தொடை வேலையிலிருந்து விலகிவிட்டது என்று அர்த்தம், மீதி எல்லாம் முதுகுக்கும் ஹாம்ஸ்ட்ரிங்குக்கும் போய்விடும். ஐந்து முறை வீதம் மூன்று செட் போதும். சுத்தமாக வந்தால் சில வாரத்துக்கு ஒருமுறை அடுக்கை ஒரு படி குறையுங்கள்.

அதற்குப் பிறகும் ரொமேனியனை விட வேண்டாம். ஹாம்ஸ்ட்ரிங்கை நீட்டி வலுவாக்கும் வேலையைச் சாதாரண டெட்லிஃப்ட் செய்வதில்லை. இரண்டையும் ஒரே நாளில் செய்தால் தரையிலிருந்து தூக்குவதை முதலில் முடித்துவிடுங்கள். ரொமேனியனில் எரெக்டர்கள் களைத்த பிறகு தரையிலிருந்து தூக்கினால் முதுகு சீக்கிரம் வளைந்துவிடும்.