வீசிங் இல்லை, ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை

கேள்வி: தம்பி இங்கிலாந்தில் ஐடி வேலையில் இருக்கிறான். ஆஸ்துமாவுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவன், பக்க விளைவுக்குப் பயந்து போன வாரம் சட்டென்று நிறுத்திவிட்டான். மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது, எழுந்தாலே தலை சுற்றுகிறது என்கிறான். வேலை டென்ஷனா?

பதில்:

டென்ஷன் என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். வாந்தி இருந்தாலோ ஒருமுறை மயங்கி விழுந்திருந்தாலோ அங்கே ஆம்புலன்ஸுக்கான அவசர எண் 999, இல்லையென்றால் மருத்துவ ஆலோசனை எண் 111. தானே கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். போனதும் வாயைத் திறந்து முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: "ஒரு வருஷமா பிரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டேன், இத்தனை மில்லிகிராம், இந்தத் தேதியில நிறுத்தினேன்." மாத்திரை கையில் இருந்து, வயிற்றில் தங்கும் என்றால், கிளம்பும் முன் வழக்கமான அளவை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்காக மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிடக் கூடாது.

ஏன் இப்படி ஆகிறது என்பதை ஓர் ஆளை வைத்துச் சொல்கிறேன். பெயர் கார்த்திக் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனை ஆள்தான், நடப்பது கற்பனை இல்லை.

வயது 34, கோவைக்காரர், மான்செஸ்டரில் வேலை. ஊரில் ஒரு மழைக்காலத்தில் இளைப்பு அதிகமானபோது டாக்டர் பத்து நாளுக்கு பிரெட்னிசோலோன் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே மலை ஏறலாம் போல இருந்தது. பத்து நாள் முடிந்ததும் அதே சீட்டைக் காட்டி மறுபடி வாங்கினார். பிறகு சீட்டும் தேவைப்படவில்லை. தினம் 10 மி.கி. என்று பதினாலு மாதம் ஓடியது. விமானம் ஏறும்போது பெட்டியில் அட்டை அட்டையாக இருந்தது. வீடியோ காலில் முகம் உப்பியிருப்பதைப் பார்த்து மனைவி பயந்துபோனார். குடும்ப வாட்ஸப்பில் ஒருவர் "ஸ்டீராய்டு எலும்பை அரித்துவிடும்" என்று அனுப்பினார். அது பொய்யும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு, இன்ஹேலரை மட்டும் வைத்துக்கொண்டார்.

நம் சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்டிசால் என்ற ஸ்டீராய்டைத் தினமும் தானாகவே சுரக்கிறது. சாதாரண நாளில் அது சுமார் 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, குறைந்தால் "சுரந்து விடு" என்று ஒரு ஹார்மோனை அனுப்பும். வெளியிலிருந்து தினம் 10 மி.கி. வந்துகொண்டிருந்தால் அந்த ஆணை நின்றுபோகிறது. ஆணை வராத அட்ரினல் மெல்லச் சுருங்கும். இறைக்காத கிணற்றில் ஊற்றுக்கண் அடைவது போலத்தான். மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டாலே இந்த ஆபத்து உண்டு. மாத்திரையை நிறுத்தியதும் ஒன்றிரண்டு நாளில் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும். கிணறு ஊற மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு ஒரு வருஷமும் ஆகும். அந்த இடைவெளியில் உடம்பில் கார்டிசால் போதாது.

கார்த்திக்குக்கு முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள் உடம்பு வலி, காய்ச்சல் வரப்போகிற மாதிரி. அப்புறம் பசி போனது, காபி வாசனையே குமட்டியது. படியேறினால் தொடை துவண்டது. மூச்சு மட்டும் சுத்தமாக இருந்தது. எல்லாரும் ஏமாறுவது இங்கேதான். வீசிங் இல்லாததால் அந்த மாத்திரைக்கும் இந்தச் சோர்வுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை. குளிர், இருட்டு, டெட்லைன் என்று காரணம் சொல்லிக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் வயிற்றுப்போக்கும் வாந்தியும். நல்ல உடம்பாக இருந்தால் இந்த மாதிரி நேரத்தில் அட்ரினல் பல மடங்கு கார்டிசாலைக் கொட்டும். இவரிடம் கொட்ட ஒன்றும் இல்லை. அதிகாலையில் குளியலறைக்குப் போனவர் கதவுப் பக்கத்திலேயே விழுந்தார்.

அவசரப் பிரிவில் படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 104/66, எழுந்து நின்றால் 82/50. நிற்கும்போது கால் ரத்தக் குழாய்கள் இறுகினால்தான் மூளைக்கு ரத்தம் ஏறும். அப்படி இறுகுவதற்கு கார்டிசால் வேண்டும். சோடியம் 128, சர்க்கரை 58, இரண்டுமே குறைவு. பொட்டாசியம் மட்டும் சரியாக இருந்தது. அட்ரினலே அழிந்துபோன நோயில் பொட்டாசியம் ஏறும், தோல் கறுக்கும். இங்கே உப்பைக் கவனிக்கும் இன்னொரு ஹார்மோன் பிட்யூட்டரியை நம்பி இல்லாததால் பொட்டாசியம் ஏறாது. பிட்யூட்டரி அனுப்பும் ஆணை ஹார்மோனே குறைந்திருப்பதால் தோலும் கறுக்காது. அதனால் "வயிற்றுக் கிருமி, தண்ணீர் வற்றிவிட்டது" என்று குளுக்கோஸும் சலைனும் ஏற்றினார்கள். பாதிதான் தேறினார்.

"என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்டதற்கு "இன்ஹேலர் மட்டும்" என்றார். பொய் சொல்லவில்லை, நிறுத்திவிட்டாரே! "சமீபத்தில் எதையாவது நிறுத்தினீங்களா?" என்று இரண்டாவது டாக்டர் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல், கார்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி. சந்தேகம் வந்தால் காத்திருக்கக் கூடாது என்பதுதான் விதி. மாலையில் எழுந்து உட்கார்ந்து டோஸ்ட் கேட்டார். கார்டிசால் டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் என்று வந்தது. காலையில் 10க்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது எனலாம், 5க்குக் கீழே என்றால் இன்னும் தூக்கம்.

ஊரில் இருக்கும் மனைவி வீட்டில் தேடி, மிச்சமிருந்த ஓர் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். வெட்டிக் கொடுத்த அட்டை. பின்பக்கத்தில் "லோன்" என்பது மட்டும் மிச்சம், எத்தனை மி.கி. என்பது கடைக்காரரின் கத்தரியோடு போய்விட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: நாலு மாத்திரை கேட்டால் பெயரும் தேதியும் இல்லாத துண்டை வெட்டிக் கொடுக்கும் பழக்கம் எனக்குத் தீராத எரிச்சல்.

"அப்படியானால் ஸ்டீராய்டையே தொடக்கூடாது" என்று ஒருவர் இங்கே வருவார். இளைப்பு முற்றும்போது உயிரைக் காப்பது இந்த மாத்திரைதான். ஐந்து முதல் ஏழு நாள் கோர்ஸை அப்படியே நிறுத்தலாம், குறைக்க வேண்டியதில்லை. இன்ஹேலரையும் இந்தப் பயத்தில் விட்டுவிடாதீர்கள். நான் சொல்வது வாரக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு மட்டும்.

கார்த்திக்குக்கு மறுபடி 5 மி.கி. காலையில். ஆஸ்துமா அடங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டு மாதத்துக்கு 1 மி.கி. வீதம் குறைத்தார்கள். அங்கே 1 மி.கி. மாத்திரை கிடைப்பது வசதி. கார்டிசால் பரிசோதனைக்கு முந்தைய 24 மணி நேரம் பிரெட்னிசோலோன் சாப்பிடக் கூடாது, ஏனென்றால் கருவி அதையும் கார்டிசாலாக எண்ணிவிடும். குறைக்கும் காலத்தில் காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசி. எவ்வளவு கூட்டுவது என்று உங்கள் தம்பி தன் டாக்டரிடம் எழுதி வாங்கட்டும். ஸ்டீராய்டு அவசர அட்டை என்று ஒன்று அங்கே கொடுப்பார்கள், அதையும் கேட்டு வாங்கி அலுவலக ஐடி கார்டுக்குப் பின்னால் செருகி வைக்கச் சொல்லுங்கள்.