கடை பில்லுக்கு ஹிஸ்டோகிராம்: பட்டை அகலம் எவ்வளவு வைக்கலாம்? (கேள்வி பதில்)

கே: எங்க மளிகைக்கடைல 500 ரூபாய்க்கு வாங்குனா டோர் டெலிவரி ஃப்ரீ. ஷீட் அனுப்பிருக்கேன் அண்ணா, 1000 பில். எவ்வளவு ரூபாய்ல எத்தனை பில்னு பட்டையா காட்டற ஹிஸ்டோகிராம் போட்டு, இந்த ஆஃபருக்காக ஜனங்க பில்லை 500க்கு ஏத்தறாங்களான்னு பாக்கணும். எத்தனை பட்டை வைக்கணும்?

ஸ்டர்ஜஸ் 1926ல சொன்ன கணக்குப்படி 1000 பில்லுக்கு 11 பட்டை, உங்க பெரிய பில் 5500ங்கறதால ஒரு பட்டை 500 ரூபா அகலம் வருது, படத்துல சின்ன பில் ஜாஸ்தி பெரிய பில் கம்மினு மட்டும்தான் தெரியும், அது உங்களுக்கே தெரிஞ்சதுதான். 1981ல வந்த ஃப்ரீட்மன்-டயகோனிஸ் கணக்கைப் போடுங்க. பில்லை வரிசையா அடுக்குனா நடுப்பாதி 80லேர்ந்து 330க்குள்ள இருக்கு, வித்தியாசம் 250, அதை ரெண்டால பெருக்கி 1000த்தோட கனமூலம் 10ஆல வகுத்தா 50. இப்ப பாருங்க, 450–500 பள்ளம், 500–550 மேடு.

கே: அப்ப 15 ரூபாய்க்கு ஒண்ணுன்னு இன்னும் சின்னதா போட்டா இன்னும் உண்மை தெரியும்ல?

ஓரளவுக்குத்தான். மளிகைல நிறைய பில் 10, 20, 30னு முழுசா முடியும். 0–15 பட்டைல 10 மட்டும், 15–30ல 20 மட்டும், ஆனா 30–45ல 30, 40னு ரெண்டு மாட்டும், அடுத்ததுல 50 மட்டும். ஒண்ணு விட்டு ஒண்ணு உசந்து சீப்புப் பல்லு மாதிரி நிக்கும், அது கஸ்டமர் செஞ்சதில்ல நாம வெட்டுன வெட்டு. அகலம் எப்பவும் 10ஓட மடங்கா இருக்கட்டும்.

கே: நானும் 50தான் வச்சேன், எக்செல்ல அந்தப் பள்ளமே காணோம். Gap Width கூட குறைச்சு பாத்துட்டேன்.

Gap Width பட்டைக்கு நடுவுல இருக்கற இடைவெளி மட்டும்தான், அதை விடுங்க, Bin width தான் மாத்தணும். பள்ளம் தொலைஞ்சது வேற காரணம். கரெக்டா 500க்கு நிக்கற பில்லை எக்செல் 450–500 பக்கம் தள்ளிடும், பைத்தான் 500–550ல போடும். ஆஃபர் 500லயே ஆரம்பிக்குதுல்ல, அதனால இந்த ஒரு ஓரமே கதையை மாத்திடுது. தனி காலம்ல எல்லா பில்லுக்கும் 0.01 கூட்டிட்டு 0லேர்ந்து ஆரம்பிச்சு போட்டுப் பாருங்க. பைத்தான்ல இப்படி:

```
plt.hist(bills, bins=range(0, 2050, 50))
```

2000க்கு மேல உள்ள பில் இதுல சத்தமில்லாம விட்டுப்போகும், அது எத்தனைன்னு படத்துக்குக் கீழ எழுதிடுங்க.

கே: எங்களுது பட்டுக்கடைங்க. 600 ரூபா பில்லும் இருக்கு, கல்யாண பில் 80,000மும் இருக்கு. என்ன அகலம் வச்சாலும் இடதுபக்கம் ஒரே குவியல்.

அதுக்கு ஒரே அகலம் சரிப்படாதுங்க. பில்லோட லாக் எடுத்து போடுங்க, இல்லன்னா கல்யாண பில்லைத் தனிப் படமா பிரிச்சுடுங்க. நான் பிரிக்கத்தான் சொல்வேன், முதலாளிகிட்ட காட்டும்போது லாக் புரியவைக்கறது கஷ்டம்.

கே: முதல்ல கேட்டவன்தான் அண்ணா. பள்ளம் மேடு ரெண்டும் வந்துருச்சு, ஆனா ஆஃபருக்கு முந்தின பில் இல்ல. இது ஆஃபராலதான்னு சொல்லலாமா?

உறுதியா சொல்ல முடியாது தம்பி. 1000கிட்டயும் அதே மாதிரி பள்ளம் இருக்கான்னு பாருங்க, அங்க ஆஃபர் கிடையாதே, இருந்தா காரணம் வேறயா இருக்கலாம். அங்க பில் கம்மிங்கறதால 50ல சும்மாவே ஏறி இறங்கும், 100 அகலத்துல பாத்துட்டு சொல்லுங்க.